பந்தல் கணக்கும் பதினோரு மணி வீரமும்

ஏ மருமவனே, கட்டைவெரலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு. ராத்திரி பதினோரு மணிக்குக் குடும்பக் குரூப்புல உங்க சித்தப்பா என்ன போட்டாரு? "கொடைக்குப் பந்தல் செலவு 18,000-மா? நல்லா சம்பாதிக்கீங்கடே!" அம்புட்டுதான? அதுக்கு நீ மூணு பத்தி எழுதி, அவரு வித்த தென்னந்தோப்பு வரைக்கும் தோண்டி வச்சிருக்க. அனுப்பு, அனுப்பு. எண்பது பேரும் முழிச்சிருந்து பாப்பாங்க, டிக்கெட்டுகூட வேண்டாம்.

அவரு எழுதுனதுல ரெண்டு சரக்கு கெடக்கு, பிரிச்சுப் பாரு. செலவு எம்புட்டுங்கிறது கேள்வி. வரி குடுத்தவங்க எல்லாத்துக்கும் அதுல பாத்தியதை உண்டு. அதுக்குத் தனியாப் போய்ப் பதில் சொன்னா, "அமுக்கிட்டான் பாத்தியா"ம்பாங்க. குரூப்புலயே ரசீதைப் படம் புடிச்சுப் போடு. "பந்தல் 12,500, நாற்காலி 3,000, லைட்டு 2,500." முடிஞ்சுது. கூட 'மனசாட்சி'ன்னு ஒரு வார்த்தை சேத்தியோ, ரசீதை ஒருத்தனும் பாக்கமாட்டான்.

"நல்லா சம்பாதிக்கீங்க"ங்கிறது குத்து. அதைக் குரூப்புல தொடாத. எண்பது பேரு பாக்கையில அவரும் எறங்கி வரமுடியாது, ஏறத்தான் செய்வாரு. வாட்ஸ்அப்புல தனியாப் பதில் போட வழி இருக்கு. ஆனா அவரு எழுதுனதையும் மேல ஒட்டிக்கிட்டே போவும், வயசாளிக்கு அது கோர்ட்டு சம்மன் மாதிரி இருக்கும். விடிஞ்சப்புறம் போன் போடு. கொடை நோட்டீஸ்ல அவரு பேரு விட்டுப்போனதுதான் இப்பப் பந்தலாக் கெளம்பியிருக்குன்னு நான் சொல்லமாட்டேன், நீயே கேட்டுக்க.

அனுப்பிட்டு அழிச்சுக்கலாம்னு தைரியமோ? எல்லாருக்கும் சேத்து அழிக்க ரெண்டு நாளுக்கு மேலயே டயம் குடுக்கான். ஆனா அழிச்ச தடம் அங்கனயே நிக்கும். நீ எழுதுனதைவிட மோசமா அவனவன் நெனைச்சுக்கிடுவான். திருத்தணும்னா 15 நிமிசந்தான், அதுலயும் திருத்துன அடையாளம் இருக்கும். அதுக்குள்ள உங்க அத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருப்பா. கோவிச்சுக்கிட்டு வெளியேறுவியோ? அதுவும் வீண். இப்பல்லாம் அட்மினுக்கு மட்டுந்தான் தகவல் போவுது. போனது தெரியாம மத்தவங்க காலை வணக்கம் போட்டுக்கிட்டிருப்பாங்க.

உன் மச்சான் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கான் பாரு, அதுக்குப் பதிலே கெடையாது. அவன் கேள்வியும் கேக்கல, பொய்யும் சொல்லல. ரசீது போட்டப்புறமும் சித்தப்பா அதையே கேட்டா, "மேலே இருக்கு"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு எட்டு மணி நேரம் மியூட்ல போட்டுட்டுப் படு. மியூட் போட்டது யாருக்கும் தெரியாது. ஒண்ணே ஒண்ணு, உன் பேரைச் சொல்லி "பணத்தை எடுத்துட்டான்"னு எவனாவது எழுதினா மட்டும் சும்மா இருக்காத. "எடுக்கல, நோட்டு கோயில்ல இருக்கு, வந்து பாருங்க"ன்னு அங்கனயே ஒத்தை வரி போட்டுரு.

இப்ப அந்த மூணு பத்தியையும் அழிச்சுட்டு ரசீதைத் தேடு. தொலைச்சுட்டேன்னு மட்டும் சொல்லிராத, அப்புறம் சித்தப்பா கேட்டது நியாயமாப் போயிரும்.