கூகுளுக்கா நன்றி?

கேள்வி: காந்தி ராட்டையருகே அமர்ந்திருக்கும் படத்தை ஸ்லைடில் போட்டு, அடியில் முழு இணைய முகவரியையும் ஒட்டினேன். எல்லோரும் அதைத்தான் படித்தார்கள். ‘நன்றி: கூகுள்’ போதுமா?
– ஆய்வு மாணவி, காந்திகிராமம்

பதில்: சிறுமலை வாழைப்பழம் இனித்தால், அதை ஏற்றி வந்த பஸ்ஸுக்கா நன்றி சொல்வீர்கள்? ‘லைஃப்’ பத்திரிகைக்காக அந்தப் படத்தை எடுத்தவர் மார்கரெட் போர்க்-வைட். படத்துக்குக் கீழே ‘படம்: மார்கரெட் போர்க்-வைட், 1946’ என்று ஒரே வரி, 12 புள்ளி அளவில், சாம்பல் நிறத்தில் போடுங்கள். எல்லா ஸ்லைடிலும் அதே மூலையில் இருந்தால், மூன்றாவது ஸ்லைடுக்குள் கண் பழகிவிடும். முகவரியும் உரிமை விவரமும் கடைசி ஸ்லைடுக்குப் போகட்டும். ஆனால் ஒன்று: பெயர் போட்டதாலேயே அனுமதி வந்துவிடாது. உரையைப் புத்தகமாக்கினால் உரிமையாளரைக் கேட்டுவிடுங்கள்.