அத்தானுக்கு ஒரு தேதி

"சொந்தத்துக்குள்ள என்னங்க கணக்கு?" என்ற வாக்கியத்தை இந்த வாரமும் கேட்க வேண்டி வந்தது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இதைக் கடன் கொடுத்தவர் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். வாங்கியவர் சொல்வார், வாங்கியவருடைய மனைவி சொல்வார், இதில் பத்துப் பைசா சம்பந்தமில்லாத பெரியப்பா ஒருவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார். நான் சொல்ல வருவது இதுதான்: கைமாத்துக் கொடுத்த பணத்தைத் தேதி போட்டுக் கேட்பதுதான் மரியாதை. தேதியில்லாமல் மனசுக்குள் கறுவிக்கொண்டு, நேரில் பல்லைக் காட்டுவதுதான் அவமரியாதை. அதற்கு எழுத வேண்டிய குறுஞ்செய்தியையும் தருகிறேன். அதற்குமுன் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சொந்தத்துக்குள் கணக்கு இல்லை என்பவர்கள் வீட்டில் பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்கு அடியில் மொய் நோட்டு இருக்கும். காதுகுத்துக்கு யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு வைத்தார்கள் என்பது இருபது வருஷம் ஆனாலும் அழியாமல் அதில் கிடக்கும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கிறது. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பணம் தேவைப்படுகிறவர்கள் பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, வட்டியில்லாமல் பணம் திரட்டுகிறார்கள். வாங்கியதை மற்றவர் விருந்தில், மேலே கொஞ்சம் சேர்த்து, திருப்பிச் செய்தாக வேண்டும். அங்கே பெயரும் தொகையும் எழுதப்படுகின்றன. நோட்டு எண்ண இயந்திரம், பதிவதற்குக் கணினி என்று வங்கி தோற்கும் ஏற்பாடு. உறவு முறிந்துபோனதா? எழுதி வைத்ததால்தான் அது தலைமுறை தாண்டி ஓடுகிறது. முறிகிற இடம் எழுதாமல் விட்ட கைமாத்து. ஐநூறு ரூபாய் மொய்யை ஊர் பார்க்க எழுதலாம், நாற்பத்தைந்தாயிரத்தைத் தனியாகக் கூடக் கேட்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம் என்று பெரியப்பா விளக்கட்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கணக்குதான், ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கு போலத் தெரிந்தால் நான் பொறுப்பல்ல. 2024 ஜூன் 10 அன்று, பையனை இன்ஜினியரிங்கில் சேர்க்க, அக்கா வீட்டுக்காரர் 45,000 ரூபாய் கேட்கிறார். ஜிபேயில் அனுப்பியாகிவிட்டது. இதுவே நல்ல தொடக்கம். 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, மீறினால் வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். "எப்பத் தரணும்?" என்று அத்தான் மரியாதைக்குக் கேட்கிறார். "முடிஞ்சப்ப குடுங்க அத்தான்" என்று நாம் பெருந்தன்மையாகச் சொல்கிறோம். சண்டைக்கு விதை போட்டது இந்த இடத்தில், அதுவும் நம் கையாலேயே. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்துக்கு 'முடிஞ்சப்ப' என்றால் புரியாது. கேட்கும்போது தருகிறேன் என்று வாங்கிய கடனானாலும், கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் வழக்குப் போட அவகாசம். அதாவது நாம் சங்கோஜப்பட்டுக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2027 ஜூனில் அது நின்றுவிடும்.

அத்தான் மேல் வழக்கா என்று பதற வேண்டாம். யாரும் போடப் போவதில்லை, அக்கா இருக்கிறாள். ஆனால் அந்த மூன்று வருஷம் முடிவதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து, அது அவர் கைப்பட எழுதியோ அவர் கையெழுத்தோடோ பதிவானாலும் அப்படியே. ஆகவே முழுத் தொகையையும் ஒரே நாளில் கேட்பதைவிட, மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் 15,000 என்று கேட்பது நமக்கும் நல்லது, அவருக்கும் மூச்சு விட இடம் இருக்கும். ஜோசியமும் இதைத்தான் சொல்கிறது என்பது விசேஷம். மைத்ர முகூர்த்தம் என்று ஆன்மிக இதழ்களில் நேரம் குறித்துப் போடுகிறார்களே, அந்த நேரத்தில் அசலில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுத்தால் மீதிக் கடனும் சீக்கிரம் அடையும் என்பது நம்பிக்கை. நாடாளுமன்றமும் பஞ்சாங்கமும் ஒத்துப்போகும் இடம் நாட்டில் வேறு எங்கேயாவது இருக்கிறதா தெரியவில்லை.

சரி, தேதிக்கு வருவோம். இங்கேதான் தமிழ் ஆண்டில் கடனைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள்கூட இல்லை என்ற உண்மை தெரியவருகிறது. சித்திரையில் கல்யாணங்கள், ஊர் முழுக்க மொய் வைத்தாக வேண்டும். வைகாசியில் கோயில் கொடை. ஆனியில் பள்ளிக்கூடக் கட்டணம். ஆடியில் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது; கடனைத் திருப்புவது நல்ல காரியம் என்பதை அந்த ஒரு மாதம் மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆடித் தள்ளுபடியில் ஃபிரிட்ஜ் வாங்குவது வேறு கணக்கு. ஆவணியில் மறுபடியும் கல்யாணம். புரட்டாசியில் பெருமாளைத் தவிர யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ஐப்பசியில் தீபாவளி வருகிறது, கார்த்திகையில் தீபாவளி போய்விட்டது, இரண்டுமே காரணங்கள்தான். மார்கழி ஆடியின் தங்கை. தையில் பொங்கல், தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொன்னவர் யாருக்கு என்று சொல்லவில்லை. மாசியில் வங்கியில் வைத்த நகையைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஏலம். பங்குனியில் வருமான வரி, குலதெய்வம். மாதம் முடிந்தது, இனிக் கிழமை. செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது. மைத்ர முகூர்த்தம் செவ்வாயில் வந்தால் விசேஷம் என்கிறார்களே என்று கேட்டால், அது வேற இது வேற என்பார்கள். திங்கள் வாரத் தொடக்கம், தொடக்கத்திலேயே செலவு வேண்டாம். வியாழன் குரு. சனிக்குச் சொல்லவே வேண்டாம். ஞாயிறு வங்கி விடுமுறை. ஜிபேக்கு விடுமுறை இல்லையே என்று சொன்னால் அத்தான் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். மிஞ்சியது புதன். அதில் காலை ஏழரை முதல் ஒன்பது எமகண்டம், பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகு காலம், விளக்கு வைத்த பிறகு கேட்கவே கூடாது. நடுவில் பத்தரை முதல் பன்னிரண்டு வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும், அதனால் கடனை அப்போது வாங்காதே, அடை என்பது வழக்கு. ஆக, அஷ்டமி, நவமி, கரிநாள் எதுவும் குறுக்கிடாத புதன்கிழமை, காலை பத்தரை முதல் பன்னிரண்டுக்குள். அந்த நேரத்தில் அத்தான் ஆபீசில் மீட்டிங்கில் இருப்பார்.

கிண்டலை விட்டுவிட்டுப் பார்த்தால் தேதிக்கு ஒரே விதிதான்: சம்பளம் ஏறி, வீட்டுக்கடன் தவணை பிடித்த பிறகு. பெரும்பாலும் சம்பளம் ஒன்றாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி. இரண்டாம் தேதி கேட்டால் தருவார், ஆனால் ஐந்தாம் தேதி அவர் கணக்கில் இருப்பு இல்லாமல் தவணை திரும்பி, வங்கி அபராதம் போட்டு, பழி நம் தலையில். இருபதாம் தேதி கேட்டால் அவரிடம் உண்மையிலேயே இருக்காது. எனவே ஏழாம் தேதி. பஞ்சாங்கம் பார்க்காமல் வங்கிக் கணக்கைப் பார்த்து வைத்த நாள் என்பதால் இதை மறுப்பது கடினம்.

இனி எழுதும் விதம். செய்தியில் கேள்வி ஒன்றுக்கு மேல் கூடாது. "அக்கா முட்டுவலி எப்படி இருக்கு? தம்பி ஒழுங்கா படிக்கிறானா? அப்புறம் அந்தப் பணம்..." என்று எழுதினால் முட்டுவலிக்கு முழு நீளப் பதில் வரும், எண்ணெய் பெயர் உட்பட. மூன்றாவது கேள்வி கரைந்துபோகும். அடுத்தது, காரணம் சொல்லக் கூடாது. நம் பணத்தை நாமே கேட்பதற்கு ஏன் அவசரச் செலவு ஒன்றைக் கண்டுபிடிக்கிறோம் என்று எனக்குப் புரிவதே இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று எழுதினால் பணம் வராது, ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் குடும்பத்தோடு அவர்கள்தான் வருவார்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதவே கூடாது. முன்பெல்லாம் யுபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. மோசடிக்குப் பயன்படுகிறது என்று 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையே அதை நிறுத்திவிட்டார்கள். இயந்திரமே கேட்பதை விட்டுவிட்டது, இனி நாம்தான் கேட்டாக வேண்டும்.

ஆக, செய்தி இப்படி இருக்கலாம்: "அத்தான், 2024 ஜூன்ல தம்பி அட்மிஷனுக்கு அனுப்புன 45,000 பத்தி. மொத்தமா வேண்டாம், அடுத்த மாசம் 7ஆம் தேதில இருந்து மாசம் 15,000, மூணு மாசம். உங்களுக்கு அந்தத் தேதி சரிப்படுமா, இல்ல வேற எந்தத் தேதினு சொல்லுங்க." இதில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. எதற்காக, எப்போது, எவ்வளவு என்ற மூன்றும் இருக்கின்றன. 'சரி' என்று ஒரு வார்த்தை வந்தாலும் கடன் எழுத்தில் வந்துவிட்டது. அது கையெழுத்துக்குச் சமமா என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். அத்தானுக்கும் நமக்கும் இடையே அது போதும்.

இப்படிக் கேட்டால் மனஸ்தாபம் வராதா என்பார்கள். மனஸ்தாபம் ஏற்கெனவே வந்துவிட்டது ஐயா. அவர் வாங்கிய ஃபிரிட்ஜின் லிட்டர் கொள்ளளவு நமக்கு மனப்பாடமாகத் தெரிகிறதே, அது வேறென்ன? நாம் வருகிறோம் என்று தெரிந்து அவர் காதுகுத்துக்கு வராமல் மொய்யை மட்டும் கொடுத்தனுப்புகிறாரே, அது பாசமா? கேட்காத கடன் இரண்டு பேரையும் ஒளிய வைக்கிறது. தேதி சொன்ன பிறகு குறைந்தபட்சம் மாதத்தில் இருபது நாளாவது அவர் நம் கண்ணைப் பார்த்துப் பேசலாம்.

பதிலுக்கு அவர் பெரும்பாலும் கும்பிடும் கை ஒன்றை அனுப்புவார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், "ஏழாம் தேதி சரிதானே அத்தான்?" என்று ஒரு தடவை மட்டும் திருப்பிக் கேளுங்கள். "மார்கழி வரட்டும் மாப்ள" என்றால், மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறந்து பொங்கல் வரைக்கும் இருக்கிறது, அதில் எத்தனையாம் தேதி என்று கேளுங்கள்.