நன்றி மடல்காரர்

நன்றி மடல்காரர் என்பவர், வேலை கிடைத்த செய்தியைத் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலில் அறிவித்து நன்றி கூறுபவர். சென்னையில் ஓ.எம்.ஆர். நெடுகிலும் இவரைக் காணலாம். வேலை தேடிய நாட்களில் கல்லூரி சீனியர், பழைய டீம் லீட், பக்கத்து ஃபிளாட் மாமா, ரயிலில் எதிர் சீட்டில் வந்தவர் என்று ஒருவர் விடாமல் ரெஸ்யூமேயைக் கொடுத்திருப்பார். மடலும் அதே பட்டியலுக்குத்தான் போகும்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டு, இப்போதைய அலுவலகத்தில் ராஜினாமா கொடுத்த பிறகே இத்தகைய மடலை அனுப்புவது முறை. ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள். அதற்குள் எதுவும் மாறலாம். மடல்காரருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஹெச்.ஆர். போனில் “செலக்ட் ஆகிட்டீங்க” என்றதுமே அனுப்பிவிடுவார். பட்டியலில் பழைய டீம் லீட் இருப்பார்; அவரும் இப்போதைய மேனேஜரும் தினமும் ஒன்றாக டீ குடிப்பவர்கள். ராஜினாமாக் கடிதம் மேனேஜரிடம் வந்து சேரும்போது அது பழைய செய்தி.

மடலின் நடை விருது வாங்கியவரின் ஏற்புரை போலிருக்கும். எந்த நிறுவனம், என்ன பொறுப்பு, எப்போது சேர்கிறார் என்பவை கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும். “உடன் நின்ற ஒவ்வொருவருக்கும்” என்று பொதுவாக நன்றி சொல்லியிருப்பார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவரது ரெஸ்யூமேயை அந்த நிறுவனத்தில் மூன்று பேர் கொடுத்திருப்பார்கள். ரெஃபரல் போனஸோ பெரும்பாலும் முதலில் பதிவு செய்த ஒருவருக்குத்தான். மடலில் பெயர் இல்லாததால் மூவரும் போனஸ் தமக்கே என்று நம்புவார்கள்.

முகவரிகளை Bcc-யில் போட்டிருந்தால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. மடல்காரர் அத்தனையையும் To-வில் போடுவார். பிறகு Reply all தொடங்கும். முதலில் வாழ்த்துகள் வரும். அடுத்து மாமா எல்லோர் முன்னிலையிலும், “சம்பளம் எவ்வளவு தம்பி?” என்பார். ரயில் நண்பர் தன் மகனின் ரெஸ்யூமேயை இணைப்பார். “தயவுசெய்து Reply all செய்யாதீர்கள்” என்று ஒருவர் Reply all செய்வார்.

இவ்வினத்தில் அரிதான இன்னொரு வகையும் உண்டு. உண்மையில் உதவிய நான்கு பேருக்கு அவர் தனித்தனியாக எழுதுவார்: “அண்ணா, ரெஸ்யூமேயில் ப்ராஜெக்ட் விவரத்தை மேலே கொண்டுவரச் சொன்னீர்கள். இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வந்தது. 3-ஆம் தேதி சேர்கிறேன்.” சம்பளம் பற்றி ஒரு சொல் இருக்காது. படித்தவருக்குத் தான் செய்த உதவி எதுவென்று தெரியும். அடுத்து வருபவருக்கும் அதையே சொல்வார்.

இரு வகையினரும், “என்னால் ஆன உதவிக்குத் தயங்காமல் எழுதுங்கள்” என்றே மடலை முடிப்பார்கள். முதல் வகையினரிடம் அதை நம்பி ரெஸ்யூமே அனுப்பியவருக்கு ஒரு வாரத்தில் பதில் வரும்: “ஹெச்.ஆர்.கிட்ட சொல்லியிருக்கேன், பார்க்கலாம்.”