பதினோராம் மாதத்துப் பாசம்

வீட்டில் ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருப்பவர்களுக்குப் பதினோராம் மாதத்தில் ஒரு போன் வரும். அதுவரை அந்தக் கம்பெனியிலிருந்து ஈ, காக்கா எட்டிப் பார்த்திருக்காது. மூன்றாம் மாதம் மெஷினுக்கு அடியில் தண்ணீர் ஒழுகியபோது நாம்தான் கூப்பிட்டோம். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று அமுக்கி, சங்கீதம் கேட்டு, “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்பதைப் பலமுறை கேட்டு, லைன் கட்டாகி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினோம். இப்போது அவர்களே கூப்பிடுகிறார்கள். அழகான தமிழில், “தண்ணி நல்லா வருதுங்களா மேடம்? உங்க ஹெல்த் எங்களுக்கு முக்கியம். உங்க வாரண்டி முடியப் போகுது மேடம்.”

வாரண்டி முடியப்போவதைச் சொல்வதில் தவறே இல்லை. பொருளை விற்றவர் தேதியை நினைவூட்டி, “இனிமேல் செலவு உங்களுடையது, விருப்பமிருந்தால் சர்வீஸ் திட்டம் இருக்கிறது” என்பது நாணயமான வியாபாரம். ஆனால் போனில் வருவது அதுவா? முடியும் தேதியைக் கேளுங்கள். “சிஸ்டத்துல எக்ஸ்பைரி காட்டுது சார்” என்பார்கள். எந்தெந்த பாகம் திட்டத்தில் அடங்கும் என்று கேளுங்கள். “எல்லாமே கவர் ஆகும் சார்” என்பார்கள். அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் மறுபடியும் சங்கீதம்.

மடிப்பாக்கத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு இந்த போன் வந்தது. ஒரு வருட வாரண்டி, அதில் மூன்று இலவச சர்வீஸ் என்று அட்டையில் போட்டிருக்கிறது. வந்தது ஒன்றுதான். மீதி இரண்டும் எங்கே என்று பெரியம்மா கேட்டதும் அந்தப் பெண் குரல் உருகிவிட்டது: “அதுக்குத்தான்மா கூப்பிட்டோம். நாளைக்கே ஆள் அனுப்புறேன், ஃப்ரீ செக்கப்.”

ஆள் வந்தார். கையில் பேனா அளவில் டி.டி.எஸ். மீட்டர், பையில் நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளக். போர் தண்ணீரில் மீட்டரை வைத்தார்: 900. மெஷின் தண்ணீரில் வைத்தார்: 310. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு டம்ளரிலும் கம்பிகளை விட்டு சுவிட்சைப் போட்டார். போர் தண்ணீர் சாக்கடையாகக் கறுத்தது. மெஷின் தண்ணீரும் பழுப்பேறி, மேலே ஒரு திட்டு மிதந்தது. “பாத்தீங்களாம்மா? இதைத்தான் குடிச்சிட்டு இருக்கீங்க. மெம்பிரேன் போயிடுச்சு. கிட்னிக்கு ஆகாது.”

பெரியம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கிட்னி என்ற சொல்லுக்கு அந்த வயதில் என்ன விலை என்பது அந்தத் தம்பிக்குத் தெரியும். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த டம்ளர் நாடகத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நான்கு கம்பிகளில் இரண்டு இரும்பு, இரண்டு அலுமினியம். உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். கறுப்பும் பழுப்பும் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, அவர் பையிலிருந்து வந்த இரும்பு. உப்பு குறைந்த ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் தெளிவாக நிற்கும். நம்பாதவர்கள் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அந்தக் கம்பியை விடச் சொல்லுங்கள். நாம் தினமும் ரசத்தில் போடும் அதே உப்பு, ஒரு நிமிடத்தில் அதே சாக்கடையைக் கொடுக்கும். இந்த வித்தையை மெஷின் விற்கும்போது ஒருமுறை காட்டினார்கள். வாரண்டி முடியும்போது மறுமுறை காட்டுகிறார்கள்.

சரி, மீட்டர் காட்டிய 310? மீட்டர் பொய் சொல்லவில்லை. பல மெஷின்களுக்குள் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. சுத்திகரித்த தண்ணீர் சப்பென்று இருக்கக்கூடாது என்பதற்காக, மெம்பிரேனுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் வழி அது. மூடியைக் கழற்றி அந்தத் திருகை இரண்டு சுற்று திறந்தால் போதும், நல்ல மெம்பிரேன்கூடக் கெட்டுப்போனதாகக் காட்டும். பெரியம்மாவின் பக்கத்து வீட்டுப் பையன் இந்த வேலை தெரிந்தவன். சாயங்காலம் வந்து திருகை முழுக்க மூடினான். தொட்டியில் கலந்து நிற்கும் பழைய தண்ணீரை நம்பாமல், மெம்பிரேனிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கி, முதலில் வந்ததைக் கொட்டிவிட்டு, அடுத்த டம்ளரில் அளந்தான்: 55. உள்ளே போவது 900, வெளியே வருவது 55 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் உப்பு நிற்கிறது. அந்த மெம்பிரேனுக்கு ஒரு கேடும் இல்லை. மூடிய திருகோடும் அது 200ஐத் தாண்டியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று நானே சொல்லியிருப்பேன். இன்னொன்று: இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் அளவுகோலில் 500 வரை ஏற்கத்தக்கது. கிட்னியைக் காட்டி மிரட்டப்பட்ட அந்த 310, அரசாங்கக் கணக்கில் குடிக்கத் தகுந்த தண்ணீர்.

இந்தத் தில்லுமுல்லைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது இதற்கு அடுத்து வந்த வசனம். வாரண்டி முடிய இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. மெம்பிரேன் போய்விட்டது என்று கம்பெனி ஆளே சொல்கிறார். அப்படியானால் நியாயமாக என்ன செய்ய வேண்டும்? வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். பெரியம்மா அதைத்தான் கேட்டார்.

“மெம்பிரேன் கன்ஸ்யூமபிள்மா. வாரண்டில வராது.”

“அப்ப வாரண்டில எதுப்பா வரும்?”

“பம்ப், எஸ்.எம்.பி.எஸ்., வால்வு… அதுவும் வோல்டேஜ் பிரச்சினையால போச்சுன்னா வராதும்மா. பல்லி, எலி உள்ள போனாலும் வராது.”

அதாவது, போகிற பாகம் வாரண்டியில் வராது. வாரண்டியில் வருகிற பாகம் போகாது. தப்பித் தவறிப் போனால் பழி பல்லி மேல். பிளாட்டினம் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் மட்டும் இதே மெம்பிரேன் உடனே இலவசம். நேற்று வரை கம்பெனிக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று கிடந்த பாகம், 5,500 ரூபாய் கை மாறியதும் வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 990 ரூபாய் உண்டு. ஆக 6,490. “இன்னிக்கே போட்டா ஆயிரம் ரூபா ஆஃபர்மா, வாரண்டி முடிஞ்சிடுச்சுன்னா இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் தனியா கட்டணும்.” கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் அங்கேயும் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டி வாங்க வைப்பதை, ஆன்லைன் விற்பனையில் கூடாத ஏமாற்று வழிகளின் பட்டியலில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே சேர்த்துவிட்டது. கடிகாரத்துக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

பெரியம்மா அன்றைக்கே பணம் கட்டியிருந்தால் திட்டம் அன்றைக்கே தொடங்கியிருக்கும். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வாரண்டியின் கடைசி பன்னிரண்டு நாளுக்கு இரண்டாம் முறை காசு. ரசீதில் தொடக்கத் தேதியைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

திட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டி, வீட்டில் ஆறேழு பேர் இருந்து, வருடத்துக்கொரு முறை மெம்பிரேன் அடைக்கிற வீட்டுக்குப் பாகங்களும் சேர்ந்த திட்டம் கட்டுப்படியாகும். அதிலும் மெம்பிரேன் எத்தனை தடவை, வெளியே தொங்கும் கேண்டில் அடங்குமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பாகங்கள் சேராத மலிவுத் திட்டம் ஒன்று இருக்கிறதே, அது ஆள் வந்து போவதற்கான பஸ் சார்ஜ். ஃபில்டருக்கு அப்புறமும் நாம்தான் அழ வேண்டும். ஒருத்தர் குடிக்கும் பெரியம்மா வீட்டுக்கோ எந்தத் திட்டமும் தேவையில்லை. செடிமென்ட் ஃபில்டரும் கார்பனும் மாற்றி, தொட்டியைக் கழுவி, அந்தப் பையன் கூலியோடு வாங்கியது 1,600 ரூபாய்.

நாணயமான கம்பெனி ஒன்று இருந்திருந்தால் பெரியம்மாவுக்கு இப்படிக் கடிதம் எழுதியிருக்கும்: “அம்மா, நீங்கள் வாங்கிய தேதி இது, வாரண்டி முடியும் தேதி இது. மூன்று சர்வீஸ் தர வேண்டியது, ஒன்றுதான் தந்தோம். மற்ற இரண்டையும் முடிவதற்குள் செய்து தருகிறோம். பழுது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், இலவசமாகச் சரிசெய்கிறோம். அதன்பிறகு ஒவ்வொரு பாகமும் தனியாக வாங்கினால் என்ன விலை என்பதை இத்துடன் இணைத்திருக்கிறோம். கூட்டிப் பார்த்துவிட்டு, லாபமென்றால் திட்டத்தில் சேருங்கள். வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து அது தொடங்கும்.” பத்து வரிகூட இல்லை. இதை எழுத ஒரு குமாஸ்தா போதும். ஆனால் பாக விலைப் பட்டியலைப் பார்த்த எந்த வாடிக்கையாளர் பிளாட்டினத்தில் சேருவார்? அதனால்தான் அந்தக் கடிதம் வராது, போன் வருகிறது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் சொற்பம், மாதத்துக்கு இத்தனை திட்டம் விற்க வேண்டும் என்று தலைக்கு மேல் கத்தி. தனியாக இருக்கும் வயதானவர்களின் பயத்தை டார்கெட்டாக எழுதி, அதற்குப் பவர்பாயின்ட் போட்டு, விற்றவனுக்குக் கைதட்டும் அந்தக் குளிர்சாதன அறைக்காரர்கள் மேல்தான் கோபம். அவர்கள் வீட்டுத் தண்ணீரில் யாரும் கம்பி விடுவதில்லை.

உங்களுக்கு அந்த போன் வந்தால் முதலில் பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள். நாள் பாக்கி இருந்தால், வராத சர்வீஸையும் இருக்கிற பழுதையும் அன்றைக்கே புகாராகப் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். வாரண்டிக்குள் சொன்ன பழுது வாரண்டிக்குள் சொன்னதுதான், ஆள் பத்து நாள் கழித்து வந்தாலும். மெம்பிரேன் போய்விட்டது என்று ஆள் சொன்னால், திருகை மூடி உங்கள் கண்ணெதிரே அளந்து, அந்த எண்ணைச் சர்வீஸ் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.