கடைப்பெயருக்குள் ஒளிந்திருப்பவர்

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி ஒரே வாரத்தில் புகைந்துவிட்டது. விற்பனையாளர் என்று ஏதோ ஒரு கடைப்பெயர்தான் இருக்கிறது. யார் மேல் புகார் கொடுப்பது?
– வாசகர், ராயகிரி

பதில்: வெறும் கடைப்பெயருக்கு நோட்டீஸ் அனுப்பினால் தபால்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? அந்தப் பெயரை அழுத்துங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி தொழிற்பெயரும் முகவரியும் அங்கே இருக்க வேண்டும். காணவில்லையா, பில்லைப் பாருங்கள். அதிலுள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுப் பதிவு, 07 என்றால் டெல்லி. அதை gst.gov.in தளத்தின் Search Taxpayer பகுதியில் இட்டால் பதிவான சட்டப்பெயர் வந்துவிடும். முகவரியை விற்பனைத் தளத்திடம் எழுதிக் கேளுங்கள்; வாங்கியவருக்கு அவர்கள் தந்தாக வேண்டும். ஆள் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.