தம்பி ஸ்டூடியோஸ்

சாத்தான்குளத்தில் கல்யாணமோ, சடங்கோ, கோயில் கொடையோ, வீடியோ என்றால் தம்பிதான். திசையன்விளை, உடன்குடி வரைக்கும் அவர் கொடி பறக்கிறது. ஆபீஸ் என்பது மச்சில் ஒரு கம்ப்யூட்டர். விசிட்டிங் கார்டில் மட்டும் ‘ஸ்டூடியோஸ்’ என்று பன்மை. ஆள் போட்டால் சம்பளம் கொடுக்கணுமே? அதனால், தான் தூங்கும் நேரத்தில் உழைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு கல்யாண வீட்டார், “வாட்ஸ்அப்புல அனுப்புற மாதிரி சின்னதா தாங்க தம்பி” என்றார்கள். 4கே-யில் எடுத்த மூன்று மணி நேரப் படம், 130 ஜிபிக்கு மேல். சுருக்கிய படத்தையும் பழைய பெயரிலேயே எழுதச் சொன்னார். ffmpeg மறுத்துவிட்டது: `FFmpeg cannot edit existing files in-place.` நல்லது சொன்னால் யார் கேட்கிறார்கள்? தம்பி சுற்றுவழி கண்டுபிடித்தார்.

```
for %%f in (*.mp4) do (
  ffmpeg -y -i "%%f" -vf scale=640:-2 -crf 32 ..\t.mp4
  move /y ..\t.mp4 "%%f"
)
```

வெளியே ஒரு தற்காலிகக் கோப்பு. பிறகு அதை மூலத்தின் மேலேயே ஏற்றி வைப்பது. `/y` என்றால் ‘என்னிடம் கேட்காதே’ என்று அர்த்தம். அதுவும் கேட்கவில்லை. இப்படி அழிந்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

காலையில் பார்த்தால் டிஸ்க்கில் 130 ஜிபி புதிதாகக் காலி. தம்பிக்கு ஏக சந்தோஷம். டீ குடித்துவிட்டு வந்து முகூர்த்தத்தைத் திறந்தார். மாப்பிள்ளைக்கு மூக்கைக் காணோம்.

அவருடையது எஸ்எஸ்டி. அழிந்த இடத்தை அது சும்மா வைத்திருக்காது; ‘ட்ரிம்’ என்ற பெயரில் அதுவே துடைத்துவிடும். மிச்சமிருந்த நம்பிக்கை கேமரா கார்டு. அதை ஃபார்மட் அடித்தாகிவிட்டது என்றாலும், கேமரா அடிக்கும் ஃபார்மட் பெரும்பாலும் அட்டவணையைத்தான் அழிக்கும். படம் உள்ளேயே கிடக்கும். ஆனால் தம்பி அதே கார்டில் மறுநாள் ஒரு புதுமனைப் புகுவிழாவை எடுத்திருந்தார். அது கார்டின் தொடக்கத்திலிருந்து முகூர்த்தத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. PhotoRec போட்டுத் துழாவியதில் பின்பாதி மட்டும் மீண்டது, அதுவும் பெயரெல்லாம் போய் வெறும் நம்பர்களாக. பின்பாதி என்றால் பந்தி. ஆக, தாலி கட்டு 640-இல். ரசம் ஊற்றுவது 4கே-யில், கடுகு தெரிகிற அளவுக்கு.

பெண்ணின் அப்பா டிவியில் போட்டுப் பார்த்தார்.

“என்னடே, தாலி கெட்டுத இடம் மட்டும் இப்படிக் கலங்கலா இருக்கு?”

“அது ட்ரீம் எஃபெக்ட், அண்ணாச்சி. பெரிய சினிமாவுல எல்லாம் போடுதாங்க.”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்பம் நான் ரெண்டாவது வாட்டி பாயசம் வாங்குன இடத்துக்கும் அதைப் போட்டுரு. டாக்டர் மவன் பாப்பான்.”