பரப்பளவாகப் பிறந்த மடக்கை

கேள்வி: மடக்கை என்பது அடுக்குக்குறி என்றே பள்ளியில் கற்பிக்கிறார்கள், அது வளைவரைக்கு அடியில் எப்படி வந்து குடியேறியது?

பதில்: tⁿ என்பதைத் தொகையிட்டால் tⁿ⁺¹/(n+1) கிடைக்கும் என்னும் விதி, n = −1 என்ற ஓரிடத்தில் மட்டும் பகுதியில் சுழி வந்து கைவிரித்துவிடுகிறது. ஆயினும் 1/t என்னும் வளைவரை t > 0 எங்கும் அறுபடாமல் தொடர்வதால், அதன் அடியிலுள்ள பரப்பு இருந்தே தீரும். அந்தப் பரப்பையே ஒரு சார்பாகக் கொண்டு, ln x = ∫₁ˣ dt/t என வரையறுத்து, இயல் மடக்கை என்று பெயரிடுகின்றனர். x = 1 எனில் அகலமே இல்லையாதலால் ln 1 = 0; நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றப்படி, அதாவது மேல் எல்லையைப் பொறுத்து வகையிட்டால் தொகைக்குள் இருந்த சார்பே திரும்பி வரும் என்பதால், ln x இன் வகைக்கெழு 1/x ஆகும். அது மிகை எண் ஆதலால் சார்பு ஏறுமுகமாகவே இருக்கும்.

கேள்வி: பெருக்கலைக் கூட்டலாக்கும் வித்தையை ஒரு பரப்புக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

பதில்: 1 முதல் 2 வரையுள்ள பரப்பை மெல்லிய செங்குத்துப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றின் அகலத்தையும் மும்மடங்காக்கி, உயரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால், பட்டைகளின் பரப்பு மாறாமலிருக்க, அவை 3 முதல் 6 வரையுள்ள பகுதியில் அதே வளைவரைக்கடியில் பிசிறின்றிப் பொருந்தி நிற்கும், ஏனெனில் 3t என்ற இடத்தில் வளைவரையின் உயரம் 1/(3t) தான். எனவே 1 முதல் 6 வரையுள்ள பரப்பு, 1 முதல் 3 வரையுள்ள ln 3, அதன்பின் வரும் ln 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகி, ln 6 = ln 3 + ln 2 என்றாகிறது. மூன்றின் இடத்தில் மிகை எண் a, இரண்டின் இடத்தில் b என்று வைத்து, t = au எனப் பிரதியிட்டால், ln(ab) = ln a + ln b என்னும் பொதுவிதி கிடைத்துவிடும். இந்தப் பரப்புச் சமன்பாட்டை 1647இல் வெளியான நூலில் கிரெகுவார் த சேன்-வின்சென்ட் காட்டியிருந்தார்; அதில் மடக்கையின் இயல்பு ஒளிந்திருப்பதை 1649இல் எடுத்துரைத்தவர் அல்போன்ஸ் அந்தோனியோ த சராசா. b = 1/a என்று வைத்தால் ln(1/a) = −ln a என்பதும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் ln(aⁿ) = n ln a என்பதும் இதிலிருந்தே வரும்.

கேள்வி: இந்த வரையறையில் e எங்கே தலைகாட்டுகிறது?

பதில்: 1 முதல் 2 வரை வளைவரையின் உயரம் 1இலிருந்து 1/2 வரை இறங்குவதால், ln 2 அரைக்கு மேலும் ஒன்றுக்குக் கீழும் இருக்கும், ln 4 அதன் இருமடங்காதலால் ஒன்றைக் கடந்துவிடும். ஆகவே 2க்கும் 4க்கும் இடையே பரப்பு சரியாக 1 ஆகும் ஓர் எண் உண்டு, அதுவே e. n ஒரு முழு எண்ணாயினும் பின்னமாயினும் ln(eⁿ) = n என்று வருவதால், பள்ளியில் படித்த அடுக்குக்குறியும் இந்தப் பரப்பும் ஒன்றே.

கேள்வி: −3க்கு மட்டும் ஏன் மடக்கை மறுக்கப்படுகிறது?

பதில்: 1இலிருந்து −3க்குச் செல்ல 0ஐக் கடந்தாக வேண்டும், ஆனால் 1/2ⁿ முதல் 1 வரையுள்ள பரப்பு n ln 2 ஆகி, n வளர வளர எல்லையின்றிப் பெருகுவதால், சுழியை நெருங்கும்போதே தொகை பொருளற்றுப் போகிறது.